வார்டு நாட்குறிப்பு: நிவோலுமாபும் கார்டிசாலும்

ஜூன் 9, திங்கள்

சிறுநீரகப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் சிகிச்சை மருந்தை ஏற்றிக்கொள்ளும் 61 வயது ஐயா இன்று சக்கர நாற்காலியில் வந்தார். சிகிச்சையில் இது ஏழாவது மாதம். போன மாத சி.டி. ஸ்கேனில் கட்டிகள் நன்றாகச் சுருங்கியிருந்தன. "எழுந்து பல் தேய்ச்சா திரும்பப் படுக்கணும்போல இருக்கு டாக்டர்" என்றார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். ஊரில் டிரிப்ஸ் ஏற்றினால் ஒரு நாள் தெளிகிறார், மறுநாள் பழையபடி படுக்கை. நோய் முற்றிவிட்டதோ என்று அவர் மனைவி தனியாக வந்து கேட்டார்.

ரத்த அழுத்தம் 90/60, சோடியம் 121, சர்க்கரை 64. ஆனால் பொட்டாசியம் 4.2, சரியான அளவு. கட்டி சுருங்கும் வேளையில் ஆள் இப்படிச் சரிந்தால் நான் முதலில் மருந்தைத்தான் சந்தேகிப்பேன். அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசால் ஹார்மோனுக்கும், அதைச் சுரக்கச் சொல்லி மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏ.சி.டி.எச்.சுக்கும் ரத்தம் எடுத்தோம். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பில் போட்டு, சலைனும் தொடங்கினோம். அதன்பின் ஆறு மணிக்கொரு முறை 50 மி.கி.

ஜூன் 10, செவ்வாய்

கார்டிசால் 1.2. இவ்வளவு உடல்நலம் கெட்டிருப்பவருக்கு அது 18க்கு மேல் எகிறியிருக்க வேண்டும். ஏ.சி.டி.எச். அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. ஆக, பழுது அட்ரீனலில் இல்லை, அதற்கு உத்தரவு போடும் பிட்யூட்டரியில். அட்ரீனலே பழுதானால் ஏறும் பொட்டாசியம் இவருக்கு ஏறாததன் காரணமும் இதுதான். பொட்டாசியத்தைக் கவனித்துக்கொள்ளும் அட்ரீனல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் பெரும்பாலும் பிட்யூட்டரியை நம்பி இருப்பதில்லை.

நோய் எதிர்ப்பு செல்களான டி செல்களின் மேல் பி.டி.-1 என்ற பிரேக் இருக்கிறது. புற்றுநோய் செல்கள் அதை அழுத்தித் தப்பித்துக்கொள்கின்றன. நிவோலுமாப் அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது. விடுபட்ட டி செல்கள் கட்டியோடு நிற்பதில்லை. சிலருக்குக் குடலையும், சிலருக்கு நுரையீரல், தைராய்டையும் தாக்கும். இவருக்குப் பிட்யூட்டரி. எம்.ஆர்.ஐ.யில் அது இயல்பாகத்தான் தெரிகிறது. அதை வைத்து இந்தப் பாதிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது, பி.டி.-1 மருந்துகளில் வீக்கமே தெரியாமலும் வரும்.

தைராய்டு ஹார்மோனான டி4 சற்றுக் குறைவு, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். ஏறவில்லை. தைராக்ஸின் இன்றே தொடங்கலாமா என்று இளம் மருத்துவர் கேட்டார். கூடாது. தைராக்ஸின் கார்டிசாலை இன்னும் வேகமாகச் செலவழிக்க வைக்கும், உயிருக்கே ஆபத்து. எப்போதும் கார்டிசால் முதலில், தைராய்டு அப்புறம்.

மாலையில் ஐயா தானாகவே இட்லி கேட்டார். சோடியம் 128. இனி அடிக்கடி பார்க்க வேண்டியது அதைத்தான். கார்டிசால் கிடைத்ததும் உடல் தேக்கி வைத்த நீரைக் கொட்டிவிடும், சோடியம் மளமளவென ஏறும். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் ஏறவிடாமல் பார்க்கிறோம்; வேகமாக ஏறினால் மூளைக்குப் பாதிப்பு.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பினோம். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை காலையில் 10 மி.கி., மதியம் 5, மாலை 5.

"ஸ்டீராய்டு குடுத்தா இந்த ஊசி வேலை செய்யாதுன்னாங்களே டாக்டர்?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. குடல் அழற்சி என்றால் கிலோவுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் என்று பிரெட்னிசோலோன் கொடுப்போம். அது எதிர்ப்பாற்றலை அடக்கவே கொடுப்பது. நிவோலுமாபையும் நிறுத்தி வைத்து, வாரக்கணக்கில் மெல்லக் குறைப்போம். இவருடைய 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் வெறும் 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். உடல் தானாகச் சுரக்க வேண்டியதைத்தான் வெளியிலிருந்து தருகிறோம். குடல் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் ஏ.சி.டி.எச். சுரப்பு திரும்புவது மிக அபூர்வம், அதனால் இந்த மாத்திரை ஆயுள் முழுக்க. அதைக் கேட்டு அம்மா முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். காய்ச்சல் வந்தால் மாத்திரை இரண்டு மடங்கு, கடுமையாக இருந்தால் மூன்று மடங்கு. வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் 100 மி.கி. ஊசி, உடனே ஆஸ்பத்திரி. பல் பிடுங்கினாலும் ஆபரேஷன் என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு வேளைகூட விடக்கூடாது. இதையெல்லாம் தமிழில் அட்டையில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தோம்.

ஜூன் 30, திங்கள்

நடந்து வந்தார். ரத்த அழுத்தம் 118/76, சோடியம் 138. டி4 தானாகவே சீராகிவிட்டது, தைராக்ஸின் தேவைப்படவில்லை. நிவோலுமாப் 240 மி.கி. மறுபடி ஏற்றினோம், ஹார்மோன் குறையை மாத்திரையால் ஈடுகட்டிய பிறகு அதை நிறுத்தி வைக்கக் காரணமில்லை.

போன வாரம் ஒரு நாள் காய்ச்சலாம். அட்டையைப் பார்த்து மாத்திரையை இரட்டிப்பாக்கி, எங்களுக்கும் போன் செய்திருக்கிறார் அம்மா. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்கு வந்திருக்கிறார்கள். ஊசி போட மட்டும் இன்னும் கை நடுங்குகிறதாம். அடுத்த முறை வரும்போது மகனையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன், இருவருக்கும் சேர்த்து செவிலியர் கற்றுத்தருவார்.