சாயங்கால ஷிஃப்டும் டயலர் லெவலும்: கொழிஞ்சாம்பாறையில் அட்மிஷன் சீசன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் கால் சென்டருக்கு ஒரு கல்லூரியின் லீட் ஷீட் வந்தது. கல்விக் கண்காட்சிகளில் மாணவர்கள் எழுதிக் கொடுத்த பெயர், நம்பர், பள்ளி, பின்கோடு. பாதிப் பேர் பாலக்காட்டுப் பக்கம், பாதிப் பேர் கோவை, பொள்ளாச்சிப் பக்கம். நான் ஃப்ளோரைப் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு பன்னிரண்டு பேர், அதில் தமிழ், மலையாளம் இரண்டும் சரளமாகப் பேசுகிறவர்கள் ஐந்து பேர்தான்.

ஷீட் கொடுத்தவர்கள் "மொழி" என்று ஒரு பத்தி போட்டிருந்தார்கள், நம்பரின் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்து நிரப்பியது. கேரள சீரிஸ் என்றால் மலையாளம், தமிழ்நாட்டு சீரிஸ் என்றால் தமிழ். வேறு ஊரில் எப்படியோ, மாநில எல்லையில் இருக்கும் இங்கே அது செல்லாது. வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு கோயம்புத்தூரில் வாங்கிய சிம் இருக்கும். போதாததற்கு 2015லிருந்து நம்பரை மாற்றாமலே எந்த மாநிலத்துக்கும் போர்ட் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அதனால் அந்தப் பத்தியைத் தூக்கிவிட்டுப் பின்கோடையும் பள்ளிப் பெயரையும் வைத்துப் பிரித்தேன். 641, 642 தமிழ்க்காரர்களுக்கு, 678 மலையாளம் தெரிந்தவர்களுக்கு. அந்த 678லேயே சிற்றூர் தாலுகா மட்டும் தனி லிஸ்ட், ஏனென்றால் அங்கே போனை எடுப்பவர் எந்த மொழியில் "யாரு" என்பார் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. அதை அந்த ஐந்து பேருக்கு மட்டும் விட்டேன்.

நம்பரைச் சுத்தம் செய்யும் வேலை வழக்கமானதுதான். +91, முன்னால் பூஜ்யம், நடுவில் இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிக் கடைசி பத்து இலக்கத்தை மட்டும் வைத்து டூப்ளிகேட் பார்க்க வேண்டும். ஒரே அப்பா நம்பரை இரண்டு கண்காட்சியில் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் நிறைய. அதைக் கழிக்காமல் ஏற்றினால் காலையில் "வேண்டாம்" என்று சொன்னவருக்கு மதியம் இன்னொருத்தர் கூப்பிடுவார், அப்புறம் திட்டு வாங்குவது அந்த இன்னொருத்தர்.

சரி, டயலர், லிஸ்டில் உள்ள நம்பரைத் தானாக அடித்து எடுத்தவரை ஆளிடம் கொடுக்கும் சாஃப்ட்வேர். நாங்கள் வைத்திருப்பது விசிடயல். அதில் Auto Dial Level என்று ஒன்று உண்டு, ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில் எத்தனை நம்பர் அடிக்க வேண்டும் என்பது. Available Only Tally-ஐ Y என்று வைத்திருப்பதால் எங்களுக்கு அது சும்மா இருப்பவர்களை மட்டும்தான் எண்ணும். டயலர் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் அது நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நிதானமாக ஓடும். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு அதைப் போட்டால் திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும். அதனால் கையால்தான் வைப்பேன்.

மதியம் மூன்று மணிக்குக் கணக்கு இப்படி. எப்போதும் நாலு பேர் சும்மா இருப்பார்கள், மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். லெவல் 3. அப்படியென்றால் பன்னிரண்டு நம்பர் அடிக்கும். எங்கள் நம்பர் 140ல் தொடங்குவது, பார்த்ததுமே விளம்பரக் கால் என்று தெரிந்துவிடும், நாலில் ஒருத்தர் எடுத்தால் பெரிது. பன்னிரண்டில் மூன்று பேர் எடுப்பார்கள், நாலு பேர் காத்திருக்கிறார்கள், யாருக்கும் குறையில்லை.

ஆறு மணிக்கு மேல் கதை மாறும். வேலைக்குப் போன அப்பாக்கள் வீடு திரும்பியிருப்பார்கள், போன் கையிலேயே இருக்கும். எங்கள் லிஸ்டில் அப்போது இரண்டில் ஒருத்தர் எடுத்தார். அதே லெவல் 3, அதே பன்னிரண்டு நம்பர், ஆனால் ஆறு பேர் "ஹலோ" என்கிறார்கள். நம்மிடம் இருப்பது நாலு பேர். மீதி இரண்டு பேரின் காதில் ஒன்றும் விழாது. இரண்டு மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் டயலரே வெட்டிவிடும். ரிப்போர்ட்டில் அது DROP என்று விழும். எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது என்றால் அந்த ஊரில் நம் நம்பருக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இது எனக்கு முதலில் DROP எண்ணிக்கையில் தெரியவில்லை. ஒவ்வொரு கால் முடிந்ததும் பேசின ஆள் போடும் முடிவுக் குறி, அதாவது டிஸ்போசிஷன், அதில் தெரிந்தது. ஏழு மணிக்கு ரிப்போர்ட் எடுத்தால் NI, அதாவது ஆர்வமில்லை, மதியத்தைவிட மளமளவென்று ஏறியிருந்தது. எடுக்கிறவர்கள் கூடினால் NIயும் கூடும்தான், ஆனால் அதில் நிறைய கால் பத்து விநாடிகூடத் தாண்டவில்லை. பத்து விநாடியில் கல்லூரிப் பெயரைக்கூடச் சொல்லி முடிக்க முடியாது, அதற்குள் ஒருவருக்கு ஆர்வமில்லை என்று எப்படித் தெரிந்தது? ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டேன். ஒன்றில் ஒரு அம்மா, "இப்பத்தானே விளிச்சீங்க, எடுத்தா சத்தமே இல்ல, சும்மா விளையாடறீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். DROP ஆன நம்பரை டயலர் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடிக்கும்படி வைத்திருந்தார்கள், அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டவள் எங்கள் பெண். அவள் போட்டது NI. அந்த அம்மாவின் பிள்ளைக்குப் படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் லீட் லிஸ்டை விட்டே போய்விட்டது.

லெவலை 1.5க்கு இறக்கினேன். நாலு பேருக்கு ஆறு நம்பர், மூன்று பேர் எடுப்பார்கள். எப்போதாவது ஐந்து பேர் எடுத்துவிடுவதும் உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. காத்திருக்கும் நேரம் கூடியது, முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று "என்னம்மா, எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்காங்க" என்றார். DROP பக்கத்தைத் திறந்து காட்டினேன். முகம் கோணியது, ஆனால் அதற்கு மேல் பேசவில்லை.

டிஸ்போவுக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. கால் முடிந்ததும் ஸ்க்ரீனில் இருபது பட்டன், ஏதாவது ஒன்றைத் தட்டினால்தான் அடுத்த கால் வரும், கை தானாக NIக்குப் போகிறது. இருபதை ஒன்பதாகக் குறைத்தோம். புதிதாக இரண்டு சேர்த்தேன்: மொழி புரியவில்லை என்பதற்கு ஒன்று, பேசத் தொடங்கும் முன்பே வைத்துவிட்டார் என்பதற்கு ஒன்று. முதலாவதில் விழுந்த நம்பர் இரவே வேறு மொழி லிஸ்டுக்குப் போகும். இரண்டாவது, மறுநாள் வேறு நேரத்தில் ஒரே ஒரு முறை.

"அக்கா, இனி கூப்பிடாதீங்கன்னு சொன்னா NIதானே?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை. NI அடுத்த கோர்ஸுக்கு, அடுத்த சுற்றுக்கு மறுபடி டயலரில் ஏற்றப்படலாம். கூப்பிடாதே என்றவர் இனி கூப்பிடக் கூடாதவர்கள் லிஸ்டான DNCக்குத்தான் போக வேண்டும், இல்லையென்றால் அவர் 1909ல் புகார் கொடுப்பார், கொடுத்தால் தப்பும் இல்லை.

பிறகு கூப்பிட வேண்டும் என்பதற்குப் போடும் CALLBKஇலும் ஒரு சங்கதி. "அவங்கப்பா துபாய்ல இருக்காரு சேச்சி, வெள்ளிக்கிழமை கேட்டுச் சொல்றேன்" என்பது அட்மிஷனில் உருப்படியான பதில். அதற்கு வெறும் "நாளை" என்று போட்டால் நாளைக்குப் பேச ஒன்றும் இருக்காது, அந்த அம்மாவுக்கும் எரிச்சல். சனிக்கிழமை காலை பதினொன்று என்று நேரம் போட்டு, குறிப்பில் "அப்பாவிடம் கேட்கிறார், பி.காம்., ஹாஸ்டல் கட்டணம் தெரிய வேண்டும்" என்று எழுதி, பேசின ஆளின் பெயரிலேயே வைக்க வேண்டும். அவளுக்கு அன்று லீவு என்றால் முந்தின நாளே என்னிடம் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன், நான் அதைப் பொதுவில் மாற்றிவிடுவேன்.

இப்போது தினமும் ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது பத்து விநாடிக்குள் முடிந்த NI எல்லாவற்றையும் தனியாக எடுத்துக் கேட்கிறேன். பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையிலேயே "வேற காலேஜ்ல சேர்ந்தாச்சு" என்று எடுத்த எடுப்பில் சொன்னவர்களும் அதில் இருப்பார்கள், அவர்கள் அப்படியே இருக்கட்டும். மற்றதைத் திருத்திய பிறகுதான் கல்லூரிக்கு ஷீட் போகும்.