ஹாரோவில் சமையல், நங்கநல்லூரில் ஆர்டர்

2025 அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி பட்சணம் முடிந்தது, இனி வழக்கமான பட்டியல். லண்டன் ஹாரோவில் தங்கை வீட்டிலேயே சமைத்து விற்கிறாள், ஆர்டர் எடுப்பதும் மெசேஜ் போடுவதும் நங்கநல்லூரிலிருந்து நான். இந்த வாரம் இட்லி, இட்லி மாவு, சாம்பார், இட்லிப் பொடி. சனிக்கிழமை காலை ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் பக்கம் வாங்கிக்கொள்ளலாம், மதியம் ஹாரோவில் அவள் வீட்டில். ஆர்டர் வியாழன் இரவு 8 மணி வரை, லண்டன் நேரம். வெள்ளிக்கிழமை சொன்னால் ஆகாதா என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஆகாது. வியாழன் இரவு ஊறப்போட்டு வெள்ளி காலை அரைத்தால்தான் அந்தக் குளிரில் சனிக்கிழமைக்குள் மாவு பொங்கும், ஊறப்போட்ட பிறகு அளவைக் கூட்ட வழியில்லை.

அக்டோபர் 22, புதன்

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். மகனுக்கு சீலியாக், கோதுமை துளியும் ஆகாது. சாம்பாருக்கு நேரே "கோதுமை உண்டு" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பருப்பும் புளியும் சேர்ந்த சாம்பாரில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பெருங்காயத்திலிருந்துதான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகள் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கின்றன, டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது.

சரி, பெருங்காயம் போடாமல் வைத்துக் கொடுங்கள், இட்லியும் சேர்த்து, என்றார். தங்கையும் நானும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதே மேடையில் அவள் சப்பாத்தி மாவு பிசைகிறாள், பறக்கிற மாவு எதில் படியும் என்று யார் சொல்வது? சீலியாக்காரர்களுக்கு ஆகாதது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம். பிரிட்டனில் ஒரு பொருளை குளூட்டன் இல்லாதது என்று விற்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. சோதிக்காமல் எப்படிச் சொல்வது! இதைத் தெளிவாகச் சொன்னதும் அவர் புரிந்துகொண்டார். ஒரு ஆர்டர் போனால் போகட்டும், அந்தப் பிள்ளையின் வயிற்றை வைத்துப் பரீட்சை வேண்டாம்.

அக்டோபர் 23, வியாழன்

இன்று எள் அலர்ஜி. எள் போடாத பொடி கிடைக்குமா, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்கிறோம் என்று ஹாரோவிலிருந்து ஒருவர். அந்த எண்ணெயும் எள்தானே, அண்ணா, என்றேன். ஒரே மிக்ஸியில்தான் எல்லாப் பொடியும் அரைபடுகிறது, அதனால் அவருக்குப் பொடியே கிடையாது. அங்கே கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 அலர்ஜிப் பொருள்களில் எள்ளும் கடுகும் உண்டு, நம் தாளிப்பில் கடுகு இல்லாத நாள் ஏது! இனி "அலர்ஜி இருந்தால் ஆர்டருக்கு முன்பே சொல்லுங்கள்" என்ற வரி பட்டியலின் தலையிலேயே நிற்கும்.

அக்டோபர் 26, ஞாயிறு

அங்கே இன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்துவிட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு அதே 8 மணிதான். எனக்கு நள்ளிரவு 12.30க்கு முடிந்த கணக்கு இனி 1.30க்கு முடியும், ஃபோனில் அலாரத்தை மாற்றிவிட்டேன்.