பழைய நோட்டிலிருந்து புதிய தாள்

ஈரோட்டில் எங்கள் பள்ளியில் மாணவர்களுடன் காகிதம் செய்யும்போது, இரண்டு பங்கு நோட்டுத் தாளுக்கு ஒரு பங்கு செய்தித்தாள் மட்டுமே சேர்க்கிறோம். செய்தித்தாளின் நார் குட்டையானது என்பதால், அது மிகுந்தால் தாள் எளிதில் கிழியும்; செய்தித்தாள் விரைவில் பழுப்பேறியும் விடும். ஸ்டேபிளர் பின்களை நீக்கி, கிழித்து, இரவு முழுதும் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு மிக்சியில் அரைக்க வேண்டும். ஒரு கரண்டிக் கூழைக் கண்ணாடித் தம்ளர் நீரில் கலக்கி வெளிச்சத்தில் பார்த்தால், கட்டியோ எழுத்துள்ள துணுக்கோ தெரியக்கூடாது. அகலமான தொட்டியில் கூழைக் கரைத்து, கொசுவலை அடித்த மரச்சட்டத்தை அமிழ்த்திச் சமமாகத் தூக்கி, நீர் வடிவதற்குள் மெல்ல அசைத்தால்தான் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சட்டத்தில் படிந்த தாளை ஈரமான காடாத் துணியில் கவிழ்த்து, பலகைகளுக்கிடையே அழுத்தி, துணியோடு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் ஓரம் சுருளும். மை பரவாதிருக்க, நம் தறிக்காரர்கள் பாவு நூலுக்குப் போடுவது போல நீர்த்த கஞ்சியைத் தடவி மீண்டும் உலர்த்த வேண்டும்.