நீட்டிய கை நீட்டியபடியே வர: எலும்புக்கூட்டுப் படமும் ஆழப்படமும்

சம்மணமிட்டு அமர்ந்த ஒருவர் வலக்கையைப் பார்ப்பவரை நோக்கி நேராக நீட்டியிருக்கும் படம் எனக்குத் தேவைப்பட்டது. எழுத்துக் குறிப்பை எவ்வளவு விரித்து எழுதினாலும், அதைக் கொண்டு படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாதிரி கையைப் பக்கவாட்டில் நீட்டியது, அல்லது மடியில் வைத்தது. ஆகவே நண்பர் ஒருவரை அந்த நிலையில் அமரச் செய்து படமெடுத்து, கண்ட்ரோல்நெட் வழியாக அதை வழிகாட்டியாகக் கொடுத்தேன்.

முதலில் ஓபன்போஸைப் பயன்படுத்தினேன். அது தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளைப் புள்ளிகளாகக் கண்டறிந்து, வண்ணக் கோடுகளால் இணைத்து ஓர் எலும்புக்கூட்டுப் படத்தைத் தருகிறது. தலையும் கால்களும் உடனே சரியான இடத்தில் அமர்ந்தன; கை மட்டும் குட்டையாக வந்தது. காரணம் எலும்புக்கூட்டிலேயே தெரிந்தது. கை நம்மை நோக்கி நீளும்போது தோளும் முழங்கையும் மணிக்கட்டும் படத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. எது முன்னால், எது பின்னால் என்ற செய்தி அந்தக் கோடுகளில் இல்லை. எந்தக் கால் மேலே மடிந்திருக்கிறது என்பதும் இதனால்தான் படத்துக்குப் படம் மாறியது.

அந்தச் செய்தி ஆழப்படத்தில் இருக்கிறது. அருகில் உள்ளவை வெளிறியும் தொலைவில் உள்ளவை கருத்தும் தெரியும் அதில், உள்ளங்கையே மிக வெண்மையாக இருந்தது. அதை இரண்டாவது வழிகாட்டியாகச் சேர்த்ததும் கை முன்னோக்கி நீண்டது. ஆனால் நான் கேட்டது இறுக்கமான கவச உடை. வந்ததோ நண்பரின் தொளதொள சட்டையின் வடிவம், ஏனெனில் ஆழப்படம் உடலோடு துணியின் புறவடிவத்தையும் பிடித்துவைக்கிறது.

மாதிரி படத்தைப் படிப்படியாகத் தீட்டும்போது அமைப்பு தொடக்கப் படிகளிலும் நுணுக்கங்கள் பிற்பகுதியிலும் உருவாகின்றன என்பதால், ஆழப்படத்தைப் பாதியிலேயே விலக்கிக்கொள்வது பொருத்தமாகப்பட்டது. வழிகாட்டியின் பிடி எவ்வளவு என்பதைச் சொல்லும் Control Weight மதிப்பை ஓபன்போஸுக்கு 1 என்றே விட்டு, ஆழப்படத்துக்கு 0.6 கொடுத்து, அதன் Ending Control Step மதிப்பை 0.5 ஆக்கினேன். 30 படிகளில் முதல் 15 மட்டுமே அதற்குக் கட்டுப்பட்டன. கை நீண்டபடியே இருக்க, கவசம் தன் வடிவத்தைப் பெற்றது.

எழுத்துக் குறிப்பும் அதே நிலையைச் சொல்ல வேண்டும். வழிகாட்டி அமர்ந்திருக்க, குறிப்பு நடப்பதைப் பற்றிப் பேசினால் இரண்டும் இழுபறியில் சிக்கி இடுப்புக்குக் கீழே உருவம் சிதைகிறது. நான் எழுதியது:

```
warrior in fitted armor, sitting cross-legged,
right arm reaching toward viewer, foreshortening
```

விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. உள்ளங்கைப் பகுதியை மட்டும் முகமூடியிட்டு மீண்டும் வரையச் செய்தேன். அப்போதும் ஆழப்படத்தை அணைக்காமல் வைத்திருந்ததால் கையின் நிலை மாறவில்லை.