அட்டையில் இருந்த வயது இரண்டு

மகளுக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பெருமூளை வாதம், நடக்க மாட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி ஊட்டுவது என்று கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே எடை பார்த்துவிட்டு, ஓய்வாகப் படுத்திருக்கும்போதே அவள் உடம்புக்கு நாளொன்றுக்கு 608 கலோரி செலவாகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எப்படி என்று கேட்டதற்கு, "எடை, வயசு, பொண்ணா பையனான்னு போட்டா வந்துரும் சார்" என்றார் அந்த ஊழியர். சீட்டின் ஓரத்தில் 61 × 10.8 − 51 என்று மட்டும் இருந்தது.

10.8 கிலோவா? வீட்டில் 10தானே! காலில் மாட்டும் தாங்கி ஷூவைக் கழற்றாமலே எடை போட்டிருக்கிறார்கள். அந்த 800 கிராமில் மட்டும் 49 கலோரி போலியாக ஏறியிருக்கிறது. எடை போடும்போது நீங்களே கழற்றிவிடுங்கள், அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது தப்பு வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டுச் சமன்பாடுகளில், பெண் குழந்தைக்கு மூன்று வயதுவரை 61 × எடை − 51. மூன்றிலிருந்து பத்துவரை 22.5 × எடை + 499. என் மகளுக்கு 3 வயது 2 மாதம். பழைய அட்டையில் இருந்த "2"ஐ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 10 கிலோவுக்கு முதல் வரியில் 559 வருகிறது, சரியான வரியில் 724. பிறந்தநாள் கேக் வெட்டிய அன்றே 165 கலோரி கூடிவிடுமா என்ன?

மறுபடி ஒரு நாள் லீவு போட்டு, பிறப்புச் சான்றிதழோடு போனேன். இந்த முறை உணவியல் நிபுணர் அம்மாவே உட்கார்ந்து பேசினார். 724ஐப் பார்த்ததும் அவர் மகிழவில்லை. "அந்த 499 எடை எவ்வளவா இருந்தாலும் மாறாது சார். வயசுக்கேத்த எடையில்லாத குழந்தைக்கு அதுவே கணக்கைத் தூக்கிக் காட்டிரும். இது ஆரோக்கியமான குழந்தைகளை வச்சுப் போட்ட கணக்கு. உங்க பொண்ணுக்குத் தசை குறைவு, செலவும் குறைவாத்தான் இருக்கும். மூச்சை வச்சு அளக்கிற கருவி இருந்தா நேரா பாத்திரலாம், இங்க இல்ல."

724ஐ வாங்கிக்கொண்டு வரப் போனவனுக்கு அது ஏமாற்றம்தான். எடையில்லாத குழந்தைக்கு ஒரேயடியாகக் கூட்டுவதும் ஆபத்தாம். அப்போது ஊட்டிக்கொண்டிருந்த 650ஐயே தொடரச் சொல்லி, வாரம் ஒருமுறை ஒரே தராசில், ஷூ இல்லாமல் எடை பார்க்கச் சொன்னார். முதல் வாரம் ஒன்றும் ஏறவில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே. போனில் சொன்னதும் 50 கூட்டினார். நேற்றுப் பார்த்தால் 10.1.

அட்டையில் வயதை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அதற்கு வேறு கவுண்ட்டராம்.