ஊர் முகாமில் எடையைப் பற்றிப் பேச்சு: மேடை ஏறும் முன் ஜமுக்காளத்தைச் சுருட்டுங்கள்

டெல்டா கிராமம் ஒன்றில் மருத்துவ முகாம். உழவர்களுக்கும் வீட்டாருக்கும் சரியான எடை எது என்று பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். அனுமதி, பந்தல், மைக் எல்லாம் தயார். கோளாறு எடை மேசையில்தான்.

மின்னணு எடைக்கருவியை ஜமுக்காளத்தின் மேல் வைத்திருந்தார்கள். மெத்தென்ற தரையில் கருவியின் கால்கள் அமுங்கும். ஒரே ஆள் இரண்டு தடவை ஏறினாலும் இரண்டு எடை காட்டும். சிமென்ட் தரைக்கு மாற்றி, பிரிக்காத 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்துப் பார்த்த பிறகே நம்பிக்கை வந்தது. உயரம் அளக்கும்போது தலைப்பாகையையும் கொண்டையையும் அவிழ்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. குதிகால் சுவரை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் ஆளில்லை. உயரம் இரண்டு செ.மீ. கூடினாலே கணக்கில் ஆள் ஒல்லியாகிவிடுவார்.

இதைவிட எரிச்சலூட்டியது சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை. கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. அது 25 வரை ‘சரி’ என்று பச்சை அடித்திருந்தது. அது உலகப் பொது அளவு. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றில் சேர்வது அதிகம் என்பதால் இந்திய மருத்துவர்கள் பின்பற்றும் எல்லை வேறு: 18.5 முதல் 22.9 வரை சரி, 23 முதல் கூடுதல், 25-ஐத் தொட்டால் உடல் பருமன். அட்டவணையை மாற்றச் சொன்னபோது, “அச்சடிச்சது சார், இப்ப ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் பொறுப்பாளர். பேனாவால் கோடு போட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. இப்படிப் பேசப் போகிறவர்கள் அட்டவணையைக் கையோடு கொண்டுபோய்விடுவது நல்லது.

பேச்சில் எண்களை அடுக்கினால் கூட்டம் கலைந்துவிடும். அதனால் ஒரே ஓர் ஆளின் கணக்கை வைத்தே பேசினேன். உயரம் 160 செ.மீ., எடை 61 கிலோ, கை கால் மெலிந்து தொப்பை மட்டும் முன்தள்ளிய நடுவயதுக்காரர். 61-ஐ 1.6-ஆல் இரண்டு முறை வகுத்தால் 23.8. பழைய அட்டவணைப்படி அவருக்குக் குறையே இல்லை. ஆனால் இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழி திறக்கிறது. டேப் இல்லாத வீட்டில் ஒரு கயிறு போதும்: உயரத்துக்குச் சரியாக வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். முனைகள் தொடவில்லை என்றால் தொப்பை கூடிவிட்டது. கயிற்றை அரைஞாண் இருக்கும் இடத்தில் சுற்றக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு சுற்ற வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேல் சுற்றினால் கணக்கு தப்பும். பெண்களை அளக்கத் திரையும் செவிலியரும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இங்கே அது இல்லாததால் பாதிப் பெண்கள் அளக்காமலே போனார்கள்.

“நாள்பூரா வயல்ல கெடக்கோம், எங்களுக்கா தொப்பை?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம் வந்த பிறகு உடம்பு செலவழிப்பது குறைந்துவிட்டது. சம்பா அறுவடைக்கும் குறுவைக்கும் நடுவே வேலை இன்னும் குறைவு. தட்டு மட்டும் நடவுக்காலத் தட்டாகவே இருக்கிறது. போதாததற்கு டீ. மேலே சொன்னவர் நாளைக்கு ஆறு டீ குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டி ஐந்து கிராம் என்றால் நாளைக்கு 60 கிராம், மாதத்துக்கு 1.8 கிலோ! அது தரும் சக்தி நாளொன்றுக்கு 240 கலோரி, அதாவது சுமார் 70 கிராம் அரிசி. இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவருக்குச் சொன்ன யோசனை இதுதான்: டீயை மூன்றாக்கி, சர்க்கரையை ஒரு கரண்டியாக்குங்கள். இரவுச் சோற்றில் கால் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ வையுங்கள். ஆறு மாதத்தில் மூன்று கிலோ இறங்கினால் போதும். வேலை நாளில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டாம். மாலையில் அது வடை பஜ்ஜியாகத் திரும்பி வரும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் இந்த எல்லைகள் கிடையாது. கால் வீங்கியவரின் எடையில் நீரும் சேர்ந்திருக்கும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைத்தால் வயலிலேயே வியர்த்து, நடுங்கி, மயங்கி விழக்கூடும். 18.5-க்குக் கீழே இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். கூட்டத்தின் பின்வரிசையில் அப்படிப் பல பெண்கள் இருந்தார்கள், பேச்சு தங்களுக்கில்லை என்று எழப் பார்த்தார்கள். முயற்சி ஏதுமின்றி எடை தானாக இறங்கினால் அது நல்ல செய்தியல்ல. சர்க்கரைப் பரிசோதனை உடனே வேண்டும், இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனையும் சேர்த்து.