5,000 பீஸ் வரும் என்கிறார்கள்: ஒரு பனியன் கம்பெனி நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

சென்னையில் ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் பார்ட்டியின் பர்ச்சேஸ் மேனேஜர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "இந்த 800 பீஸுக்கு மட்டும் 15 பர்சன்ட் குறைச்சுக் கொடுங்க சார். தீபாவளிக்கு 5,000 பீஸ் உங்களுக்குத்தான்."

கூடத் தொழில் பார்க்கும் மச்சான், "மாப்ள, இதை விட்டுறாதீங்க" என்றார். அவர் ஆசை புரிகிறது. ஆனால் பதில் எழுதுமுன் கணக்குப் போட்டுவிட வேண்டும். இன்று எதுவும் அனுப்பவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம், மூன்று கலர். நான் சொன்ன விலை 178 ரூபாய்.

வெட்டும் சேதாரமும் சேர்த்து ஒரு பீஸுக்கு 220 கிராம் துணி. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லாம் போய் துணி கிலோ 400 ரூபாய் அடக்கம் ஆகிறது, அப்படியென்றால் 88. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் 38. பிரிண்ட் 14. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 6. ரிஜெக்‌ஷனுக்கு 4. வாடகை, கரண்ட், ஆபீஸ் 10. மொத்தம் 160.

178-இல் 15 சதவீதம் போனால் 151.30. பீஸுக்கு 8.70 நஷ்டம், 800 பீஸுக்கு 6,960 ரூபாய். லாபம் குறைவது வேறு, கைக்காசைப் போட்டுத் தைத்துக் கொடுப்பது வேறு.

ஜூன் 5, புதன்

சரி, 5,000 உண்மையிலேயே வந்தால் எவ்வளவு மிச்சமாகும்? கட்டிங் மாஸ்டரோடு உட்கார்ந்து பார்த்தேன். நூல் விலை பெரிதாக மாறாது. மிச்சம் முக்கியமாக டையிங்கில்தான். 800 பீஸுக்கு 176 கிலோ துணி. மூன்று கலராகப் பிரித்தால், ஒரு தடவையில் சாயம் ஏற்றும் லாட்டுக்கு 60 கிலோகூட வராது. மெஷின் நிறையாத லாட்டுக்கு டையிங் ஆலை மெஷின் கொள்ளளவுக்கான கூலியைக் கேட்கும். 5,000 பீஸ் என்றால் லாட் நிறையும், கிலோவுக்கு 15 ரூபாயாவது குறையும். பிரிண்ட் ஸ்கிரீன் செலவு பரவிவிடும். புது ஸ்டைலில் டெய்லர்களுக்குக் கை பழகும் வரை பவர்டேபிளில் பீஸ் மெதுவாகத்தான் இறங்கும். பெரிய ஆர்டரில் அந்த மெதுவான நேரம் கணக்கில் தெரியாது. எல்லாம் சேர்த்து 11 ரூபாய். 167-க்குக் கொடுக்கலாம்.

அதாவது 5,000 வந்தாலும் 151 கட்டாது. மச்சானிடம் காட்டிய பிறகு அவரும் பேசவில்லை.

இன்னொன்று முக்கியம். இந்த மிச்சம் ஒரே ஆர்டரில், ஒரே ஸ்டைலில் 5,000 வந்தால்தான். 800, 800 ஆக ஆறு தடவை வந்தால் ஒவ்வொரு தடவையும் அதே குட்டி லாட், அதே செலவு. "வருஷத்துக்கு இவ்வளவு எடுப்போம்" என்ற பேச்சுக்கு ஆர்டர் விலையைக் குறைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

அவர்களுடைய பழைய பர்ச்சேஸ் ஆர்டர்களை, அதாவது பிஓக்களையும் எடுத்துப் பார்த்தேன்: 600, 750, இப்போது 800. 5,000-க்கு மாதம் எது, சைஸ் எது, கலர் எது என்று போனில் கேட்டேன். "புரொஜெக்‌ஷன்தான் சார்" என்றார். நூலுக்கு அட்வான்ஸ்? "அதெல்லாம் அப்புறம் பேசலாம்." தீபாவளிக்குச் சரக்கு வேண்டுபவர் ஜூனில் சைஸ்வாரி எண்ணிக்கையாவது வைத்திருப்பார்.

ஜூன் 6, வியாழன்

மெயிலில் அனுப்பிய பதில்:

"வணக்கம் சார். 800 பீஸ், மூன்று கலருக்கு விலை 178 தான். இதற்குக் கீழே எங்களுக்குக் கட்டாது. இரண்டு கலராக்கினால் டையிங் லாட் பெரிதாகும், 176-க்குத் தருகிறோம். ஒரே பிஓவில், ஒரே ஸ்டைலில், ஒரே டெலிவரியாக 2,500 பீஸுக்கு 172, 5,000 பீஸுக்கு 167. பிஓவுடன் 50 சதவீதம் அட்வான்ஸ். தனித்தனி ஆர்டர்களாக எடுத்தாலும் டிசம்பர் 31-க்குள் மொத்தம் 5,000 தாண்டினால், பில் போட்ட பீஸ் ஒவ்வொன்றுக்கும் 2 ரூபாய் கிரெடிட் நோட் தருகிறோம். இந்த ஆர்டரும் அந்தக் கணக்கில் சேரும்."

அந்த 2 ரூபாய் என் லாபத்திலிருந்து போவது. அவர் சொன்னபடி எடுத்தால் சந்தோஷமாகவே கொடுப்பேன். கிரெடிட் நோட் விஷயத்தை இப்போதே எழுதச் சொன்னவர் ஆடிட்டர். சரக்கு போன பிறகு கொடுக்கும் தள்ளுபடிக்கு ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்ள வேண்டுமானால், அது சப்ளைக்கு முன்பே ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும், எந்தெந்த பில்லுக்கு என்றும் தெரிய வேண்டும் என்றார்.

"நம்பிக்கை இல்லை" என்ற தொனி எங்கும் வரக்கூடாது என்று மெயிலை இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பினேன். அவர் ஆர்டரைச் சந்தேகப்படுவதாக மெயிலில் நான் சொல்லவில்லை. வந்தால் என்ன விலை என்று சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 11, செவ்வாய்

நான்கு நாள் சத்தமே இல்லை. மச்சான் தவித்துப்போனார். நேற்று போன் வந்தது: "170-க்கு முடிச்சுக்கலாமா சார்?" இரண்டு கலருக்கே 176 என்றேன். இப்போது 170 கொடுத்தால் அடுத்த ஆர்டரில் பேச்சு 170-இல்தான் தொடங்கும்.

இன்று காலை பிஓ வந்தது. நேவி, கருப்பு, 800 பீஸ், 176 ரூபாய். மதியம் அட்வான்ஸும் ஏறிவிட்டது. 5,000 பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நூல் நிட்டிங்குக்குப் போயாயிற்று. டையிங்கில் லாட்டுக்கு 88 கிலோ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.